மறுபக்கம் சுற்றிய டேப்

கண்டியில் குரங்குகளைத் திட்டாத குடும்பம் என்று ஒன்று இருந்தால் அது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் பைப் பாஸ், தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவர். இங்கே முக்கால்வாசி வீடுகள் மேட்டில் தொங்கிக்கொண்டிருப்பவை. தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரை ஒட்டித்தான் மேலே ஏற வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் குழாய் போட்டால், குரங்குக் கூட்டம் வந்து அதில் தொங்கி ஆடி, மூட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வீட்டுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு எங்களுக்குப் போன் எடுப்பார்கள். வெளியில் ஓடும் இடத்துக்கு ஜி.ஐ. பைப்தான் சரி என்று இவர் சொல்வார். வெள்ளி மாதிரிப் பூச்சுள்ள இரும்புக் குழாய். அதில் எத்தனை குரங்கு தொங்கினாலும் அசையாது.

இரும்புக் குழாயைப் பசை போட்டு ஒட்ட முடியாது. அளந்து அறுக்க வேண்டும், முனையில் மரை வெட்ட வேண்டும், ஒழுகாமலிருக்க மரையின் மேல் மெல்லிய வெள்ளை டேப் சுற்ற வேண்டும், பிறகு முழங்கை மாதிரி வளைந்த எல்போவையோ நேராக இணைக்கும் சொக்கட்டையோ அதில் திருகி ரெஞ்சால் இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஒரு ரெஞ்ச் போதாது. ஒருவர் எல்போவைத் திருக, இன்னொருவர் குழாயை இன்னொரு ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குழாயும் சேர்ந்து சுழன்று, முன்னால் போட்ட மூட்டு கெட்டுப்போகும். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அந்த இரண்டாவது ரெஞ்ச் என் கைக்கு வந்தது. கூலிக்கு ஆள் பிடித்தால் ஒருநாள் வருவான், மறுநாள் காணாமல் போவான். நான் எங்கே போவேன்?

பொம்பளை ரெஞ்ச் பிடிப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பெரியவர், பாஸ் சம்சாரத்தையே வேலைக்காரியாக்கிவிட்டார் என்று என் காதுபடச் சொன்னார். நான் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் வேண்டுமானால் வந்து பிடியுங்கள், நான் உள்ளே போய்த் தேத்தண்ணி குடிக்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். என் வாய் அப்படி. இவர் அதற்கு நேர்மாறு. நாள் முழுக்க வேலை செய்தாலும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எனக்கும் சேர்த்துத்தான் நீ பேசுகிறாயே என்பார்.

டேப் சுற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் பக்கம் தப்பக் கூடாது. குழாயின் வாய் நம் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எல்போவும் அதே பக்கம்தான் திருகி ஏறும். ஏற ஏற டேப் மரைக்குள் இன்னும் நன்றாக அமுங்கும். மறுபக்கம் சுற்றிவிட்டால் எல்போ ஏறும்போது டேப்பைக் கிளப்பிவிடும். அது சுருண்டு சுருண்டு வாயோரம் வந்து நிற்கும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் கசியும். இதெல்லாம் நானே முதல் மாதத்தில் தெரிந்துகொண்டவை. இவருக்கோ இதை யோசிக்கவே வேண்டியதில்லை. என் பேச்சைக் கேட்டுக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சுற்றுவார். மூச்சு விடுகிறவன் மூச்சை யோசிப்பானா?

வாவிக்கு மேலே, மேட்டில் தனியாக இருக்கும் ஒரு சிங்கள நோனாவின் வீட்டில்தான் முதலில் பிசகியது. டேங்குக்கு ஏறும் குழாயில் ஓர் எல்போ ஒழுகுகிறது என்று அவர் போன் எடுத்தார். நாங்கள் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போட்ட அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. இவர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்திருந்தார். இவர் போய்ச் சரிசெய்தார். மறுபடியும் ஒழுகியது. மறுபடியும் போனார். நோனா நல்ல மனுஷிதான், ஆனால் மூன்றாவது தடவை போன் எடுத்தபோது குரலில் சலிப்பு தெரிந்தது. நானும் கூடப் போனேன்.

நான் குழாயைப் பிடித்துக்கொள்ள, இவர் எல்போவைக் கழற்றினார். வாயோரத்தில் டேப் சுருட்டிக்கொண்டு, கசங்கிய நூல் மாதிரி நின்றது. அதைப் பிரித்துப் பார்த்தேன். மறுபக்கம் சுற்றியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க இது, கண்ணாடியப் பாத்துக்கிட்டு சுத்துனீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சுற்றியிருப்பான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். சொல்லவில்லை. மரையைத் துணியால் துடைத்துவிட்டுப் புதுசாகச் சுற்றத் தொடங்கினார். என் கண் முன்னாலேயே, நிதானமாக, மறுபக்கம் சுற்றினார். சுற்றி முடித்து, சரியா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. பயந்துபோய்விட்டேன். பயத்தை மறைக்கத்தான் எனக்குக் கோபம் வரும். நகருங்கள் என்று டேப்பைப் பிடுங்கி நானே சுற்றினேன். அவர் எல்போவைத் திருகினார். ஒழுகல் நின்றது. நோனா எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். இவர் கோப்பையை வாங்கப் போய், கை ஒரு பக்கம் போக, கோப்பை இன்னொரு பக்கம் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கி, நாற்பது வருஷம் நடந்த பாதையில், இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு யோசித்தார். தலைவலி என்று அடிக்கடி சொன்னார். மகள் கம்பளையில் கட்டிக்கொடுத்து இருக்கிறாள். போனில் சொன்னதும் மறுநாளே ஓடிவந்து, அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்று நின்றாள்.

டொக்டர் இளம் வயது. நாங்கள் சிங்களத்தில் பேசினோம், அவர் தனக்குத் தெரிந்த தமிழையும் இடையிடையே போட்டுப் பேசினார். இடது கையைக் காட்டுங்கள் என்றார். இவர் வலது கையைக் காட்டினார். என் பக்கம் திரும்பாமலே, வலது கையால் இடது காதைத் தொடுங்கள் என்றார். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் பதில் தெரியாதவர் முகம். எனக்கு அந்த டொக்டரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் பாவம், அவர் வேலையைத்தான் செய்தார். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ஒரு கட்டி. வெட்டி எடுக்க வேண்டும், எடுத்த பிறகு கை எப்படி இருக்கும், பேச்சு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, எடுக்காமல் விட்டால் இன்னும் மோசம் என்றார். உயிருக்கு என்ன என்று நான் கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுப்படி ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒனக்குக் குசினிக்குள்ள பைப் போட்டுக் குடுக்கணும் புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி."

இது எங்கள் வீட்டின் நெடுநாள் சண்டை. கண்டிப் பட்டணத்தில் எத்தனையோ வீட்டுக் குசினிக்குத் தண்ணீர் கொண்டுபோன மனுஷனின் சொந்தக் குசினியில் தண்ணீர் இல்லை. வாசலுக்குக் கீழே, மண் சரியாமல் கட்டிய மதிலோரம் திறந்து மூடும் ஒரு தண்ணீர் டெப் நிற்கிறது. அங்கே பிடித்து, படியேறித்தான் அடுப்பங்கரைக்கு வர வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கேட்கிறேன். மழைக்காலம் முடியட்டும் என்பார். கையிலிருக்கும் வேலை முடியட்டும் என்பார். குடத்தோடு ஏறும்போதெல்லாம் அவர் காதில் விழும்படி, பைப் பாஸ் பெண்சாதி வருகிறாள், வழி விடுங்கள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறுவேன். அவர் சிரித்துக்கொள்வார். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கே மறந்துபோன ஒரு விஷயத்தை அவர் இப்போது எடுத்தார்.

இப்போது என்ன அவசரம், சுகமாகி வந்து போடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.  வேலை செய்யும் அந்தக் கையோடு திரும்பி வருவோம் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. இருக்கும்போதே ஒரு வேலையைத் தன் கையால் முழுசாக முடிக்க வேண்டும். அது எனக்கான வேலையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

தம்பி உதவிக்கு வருகிறேன் என்று சொன்னான். அவனும் பைப் பாஸ்தான், அண்ணனிடம் பழகியவன். இவர் வேண்டாம் என்றுவிட்டார். பலாப் பலகையில் பூட்டிய, குழாயைக் கவ்விப் பிடிக்கும் வைஸை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து வைத்தோம். வீட்டுக்குப் பின்னால் மிச்ச வேலைகளில் சேர்த்து வைத்த அரை அங்குலக் குழாய்கள் கிடந்தன. அவற்றை எடுத்துக் கழுவி அளந்தோம். அளவை நான் பார்த்துச் சொன்னேன். அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்.

மரை வெட்டும்போது அவரைப் பார்த்தவர்கள் யாரும் நோயாளி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இரும்பு அறுக்கும் வாளால் நேராக அறுத்தார். உள்ளே நிற்கும் பிசிறை உருண்டை அரத்தால் எடுத்தார். முனையில் எண்ணெய் விட்டு, மரை வெட்டும் டையை மாட்டி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே மெல்லத் திருப்பினார். பிடித்துக்கொண்டதும் இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்து, அரைச் சுற்று முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு, அரைச் சுற்று முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு. பின்னுக்கு எடுக்கும்போதுதான் இரும்புச் சுருள் அறுந்து விழும். எடுக்காமல் ஒரே மூச்சாக வெட்டினால் மரை பிய்ந்துபோகும். சுருள்கள் எண்ணெயில் நனைந்து அவர் காலடியில் விழுந்தன. குழாயின் முனை டையின் முகத்தோடு சமமாக வந்ததும் நிறுத்தினார். டையைக் கழற்றித் துடைத்தபோது, பூச்சுப் போன இடத்தில் புது இரும்பு பளபளத்தது. இடம் வலம் தெரியாத மனுஷனுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒருவேளை டையே அவருக்கு வழி சொல்லியிருக்கும். தப்பான பக்கம் திருப்பினால் அது பிடிக்காதே.

டேப்புக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் அது சாதுவாகச் சுற்றிக்கொள்ளும்.

கீழே மீட்டருக்குப் பக்கத்தில் வால்வை மூடிவிட்டு, மதிலோர டெப்பைக் கழற்றி, அந்த இடத்தில் மூன்று வாயுள்ள டீ மூட்டு ஒன்றைப் போட வேண்டும். டீயின் ஒரு வாயில் பழைய டெப், இன்னொரு வாயிலிருந்து குசினிக்குப் போகும் குழாய். அவர் டேப்பை எடுத்தார். சுற்றினார். மறுபக்கம். நான் மெதுவாகச் சொன்னேன். அவிழ்த்தார். மறுபடியும் சுற்றினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் அதே பக்கம். குழாயின் வாயை முகத்துக்கு நேராகத்தான் பிடித்திருந்தார். அதுவரை சரி. அதற்குப் பிறகு கை தானாக அந்தப் பக்கம் போனது. நான் அவர் விரலைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு சுற்றுச் சரியாக வந்தது. என் கையை எடுத்ததும் நின்றார், யோசித்தார், அவிழ்ந்தது. டேப் உருண்டையை என் மடியில் போட்டார். கோபத்தோடு போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அதிலிருந்து நான் சுற்ற, அவர் திருகினார். மரையின் பள்ளத்தில் படியும்படி இழுத்து இழுத்துச் சுற்றுவேன். கட்டைவிரலால் நன்றாக நீவிவிடுவேன். அவர் முதலில் கையால் திருகி, ஏறாத இடத்திலிருந்து ரெஞ்சைப் போடுவார். நான் என் ரெஞ்சால் குழாயைப் பிடித்துக்கொள்வேன். சுவர் மூலையில் வந்த எல்போ மேலே பார்க்க வேண்டும். அது கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. லேசாகப் பின்னுக்குத் திருப்பி நேராக்கிவிட எவனுக்கும் ஆசை வரும். தம்பி அப்படிச் செய்து இவரிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறான்.

"இறுக்குனத பின்னுக்குத் திருப்பாத," என்றார் என்னிடம். நான் ஒன்றும் திருப்பப் போகவில்லை. ஆனாலும் சொன்னார். "திருப்புனா ஒழுகும். முன்னுக்குத்தான் போகணும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கே இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருகி, எல்போவை மேலே பார்க்க நிறுத்தினார். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. தலைக்குள் இருப்பது வெடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே நான் என் ரெஞ்சை இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்த நாள் சுவரைத் துளைத்துக் குசினிக்குள் கொண்டுவந்தோம். உள்ளே ஓர் எல்போ, அதிலிருந்து சுவரோடு ஒரு சின்னத் துண்டுக் குழாய், அதன் முனையில் கடைசி எல்போ, அந்த எல்போவின் வாயில் டெப். கடைசி எல்போவுக்கு வந்தபோது நான் டேப்பை எடுக்கப் போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இத நான் செய்றேன். நீ ஒண்ணும் பேசாத."

நான் பேசவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேசாதே என்று சொல்லி நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். ஜன்னல் வெளிச்சத்தில் துண்டுக் குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். டேப்பின் முனையை மரையில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சுற்றினார். எவ்வளவு அழகாகச் சுற்றினார். ஒரு சுருக்கம் இல்லை. பாதி பாதி மேலே ஏறிக்கொண்டு, இழுத்து, வெள்ளையாக, ஒழுங்காக. மறுபக்கம்.

சுற்றி முடித்து நீவிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இரண்டாவது ரெஞ்சை எடுத்துத் துண்டுக் குழாயில் போட்டுப் பிடித்தேன். அவர் எல்போவைத் திருகினார். டேப் கிளம்பி வாயோரம் சுருள்வதை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் நிறுத்தவில்லை. மற்ற மூட்டுகளைவிட இதை இன்னும் பலமாக இறுக்கினார். டெப்பையும் போட்டு முடித்தார். அதன் டேப்பை நான்தான் சுற்றினேன்.

கீழே போய் வால்வைத் திறந்தேன். மேலே வரும்போது குசினிக்குள் காற்று சீறும் சத்தம், பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். என் குசினியில். அவர் டெப்பை மூடிவிட்டு, கைலேஞ்சியால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி எல்போவில் விரல் நின்றது. அடியில் ஒரு துளி ஊறி, பெருத்து, விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"ஒழுகுது புள்ள."

"ஒழுகுனா ஒழுகட்டும்," என்றேன்.  நானே கழற்றிச் சரியாகச் சுற்றிப் போடலாம். அரை மணித்தியால வேலை. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் அந்த எல்போவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கொஞ்சமாத்தான் வருது. இரும்புதானே. மரையில துருப் பிடிச்சி அதுவே அடைச்சிக்கிடும். கொஞ்ச நாள்ல தானா நின்னுடும், பாரு."

அது உண்மைதான். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். மரை வெட்டிய இடத்தில் பூச்சு இல்லாததால், லேசான கசிவென்றால் துரு ஏறி ஏறித் தானாக மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் குழாயில் அது நடக்காது. நான் ஒரு பால்மா டின்னைக் கழுவி, அந்தத் துளி விழும் இடத்தில் வைத்தேன்.

அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தோம் என்றார்கள். அவர் கண் விழித்தார், எங்களை அடையாளம் தெரிந்தது, பேச்சு வரவில்லை. வலது கை போர்வைக்கு மேலே அப்படியே கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குசினிக்குள் நுழைந்தால் டின்னுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் போய் அவரிடம் சொல்வேன், இன்னும் ஒழுகுகிறது, உங்கள் வேலை லட்சணத்தைப் பாருங்கள் என்று. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். ஒரு தடவை இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை வைத்துச் சுற்றினார். மெதுவாக, திரும்பத் திரும்ப. எந்தப் பக்கம் சுற்றினார் என்று பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் காய்ச்சல் கண்டு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

செத்த வீட்டுக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் அந்த டெப்பில் பிடித்த தண்ணீரில்தான் தேத்தண்ணி ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள், குசினிக்குள்ளேயே தண்ணீர் இருப்பது எவ்வளவு வசதி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, இவள் கொடுத்து வைத்தவள் என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. வழக்கமாக வந்திருக்கும்.

கருமாதி முடிந்த பிறகு தம்பி ஒருநாள் சாமான் பையோடு வந்தான். குசினிக்குள் டின்னைப் பார்த்திருக்கிறான். ஒரு பைப் பாஸ் வீட்டில், அதுவும் அண்ணன் வீட்டில், ஒழுகும் மூட்டு இருக்கிறதே என்று அவனுக்கு வெட்கம். வந்தவர்கள் அண்ணன் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் விளங்காமல், காசு வாங்கவா போகிறேன் என்பதுபோலச் சிரித்துக்கொண்டே ரெஞ்சை எல்போவில் கொண்டுபோய் வைத்தான்.

நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் ரெஞ்சோடு அப்படியே நின்றுவிட்டான். பிறகு எல்போவுக்குப் பக்கத்தில் குனிந்து, வாயோரம் சுருண்டு நின்ற டேப்பைப் பார்த்தான். அது எந்தப் பக்கம் சுற்றியது என்று அவனுக்குத் தெரியாதா. ரெஞ்சைப் பைக்குள் போட்டான்.

"அண்ணன் சுத்துனதா அண்ணி?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதான். போகும்போது அவருடைய இரண்டு ரெஞ்சுகளையும் என்ன செய்வது என்று கேட்டான். சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.

அவர் படத்துக்கு முன்னால் ஒரு செம்பில் தண்ணீர் வைப்பேன். தினம் மாற்ற வேண்டும். அதற்கு நான் டெப்பைத் திறப்பதில்லை. டின்னில் சேர்ந்த தண்ணீரை ஊற்றுவேன். பைத்தியக்காரத்தனம் என்று மகள் சொன்னாள். இருக்கட்டும். அந்தத் துளி விழும் சத்தம் கேட்கும்போது, அவர் வேலை இன்னும் முடியவில்லை, ஏதோ ஒன்றைச் சரிசெய்ய வீட்டுக்குள்தான் எங்கேயோ நிற்கிறார் என்று தோன்றும். நான் சமைத்துக்கொண்டே பேசுவேன். அவர் எப்போதும்போல ஒன்றும் சொல்ல மாட்டார். டொக்கென்று ஒரு துளி விழும். எங்கள் குடும்பம் அப்படித்தானே நடந்தது.

துளிகளுக்கு நடுவில் நேரம் கூடிக்கொண்டு வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. முதலில் காலைக்குள் டின் நிறையும். பிறகு பாதி. பிறகு செம்புக்கு மட்டும் போதுமாக இருந்தது. எல்போவின் ஓரத்தில் டேப்பைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. எனக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேன்.

போன கிழமை ஒருநாள் காலையில் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். டின்னின் அடி காய்ந்திருந்தது. எல்போவின் அடியில் விரலை வைத்தேன். காய்ந்த துரு விரலில் ஒட்டியது. வைத்த விரலை எடுக்காமல் நின்றேன். ஒன்றும் வரவில்லை.

தானாக நின்றுவிடும் பார் என்றாரே, நின்றுவிட்டது. குழாய் விஷயத்தில் அவர் சொல்லி எதுவும் தப்பியதில்லை. இந்த ஒன்றில் தப்பியிருக்கக் கூடாதா? அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டித் திட்டி அழுதேன்.

பிறகு ஆணியிலிருந்து ரெஞ்சை எடுத்தேன். எல்போவைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினால் போதும். இறுக்கியதைப் பின்னுக்குத் திருப்பினால் ஒழுகும் என்று அவர்தானே சொன்னார். துரு விட்டுப்போகும், டின்னில் மறுபடியும் சத்தம் கேட்கும். ரெஞ்சின் வாயை எல்போவில் மாட்டினேன். கைபிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போதுதான் துண்டுக் குழாயைப் பார்த்தேன். நான் எல்போவைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து சுழலும். ஒருவர் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மற்ற ரெஞ்ச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்ததைக் கழற்றி அதற்குப் பக்கத்தில் மாட்டினேன். டெப்பைத் திறந்து செம்பை நிரப்பினேன்.